பிஐபி: முதல் பத்தியைத் திருத்துங்கள்

வணக்கம். ஐடி சப்போர்ட்டில் டீம் லீடாக இருக்கிறேன். என் டீமில் ஒருவர் மூடும் டிக்கெட்டுகள் அடிக்கடி மறுபடி திறக்கப்படுகின்றன. ஹெச்.ஆர். அவருக்கு பிஐபி, அதாவது செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம், எழுதச் சொல்கிறார்கள். 30 நாள் கொடுப்பதா, 60 நாளா? என் வரைவையும் இரண்டு மாதக் கணக்கையும் இணைத்திருக்கிறேன். ‘எப்படியும் போகப்போகிறவர்தான்’ என்கிறார் மேனேஜர்.

அன்புள்ள நண்பருக்கு,

மேனேஜர் சொன்னதை விடுங்கள். முடிவெடுத்தாயிற்று என்றால் பிஐபி எழுதாமல், அவரை உட்காரவைத்து நேராகச் சொல்லிவிடுவதே மரியாதை.

உங்கள் வரைவுதான் என்னை வருத்துகிறது. ‘அக்கறையற்றவர், பொறுப்பில்லாத போக்கு’ என்று தொடங்குகிறீர்கள். ஒரு மனிதனின் மனசுக்குள் இருப்பதை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? இதற்கு அவர் என்ன பதில் சொல்வார், எதைத் திருத்திக் காட்டுவார்? அந்த வரியை அடித்துவிட்டு, நீங்களே அனுப்பிய கணக்கை எழுதுங்கள்: ‘கடந்த எட்டு வாரங்களில் நீங்கள் மூடிய 120 டிக்கெட்டுகளில் 30 மறுபடி திறக்கப்பட்டன. டீம் சராசரி பத்துக்கு ஒன்று. அந்த 30-இல் 22 விபிஎன் தொடர்பானவை.’

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். இது அக்கறைக் குறைவு போலவா தெரிகிறது? அவருக்கு விபிஎன் பிடிபடவில்லை. ‘தேவையான பயிற்சி அளிக்கப்படும்’ என்று நீங்கள் எழுதியது போதாது. யார், எப்போது, எவ்வளவு நேரம்? முதல் நான்கு வாரம் செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம், விபிஎன் தெரிந்த ஒரு சீனியர் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த நேரத்துக்கு இருவரின் க்யூவையும் குறைக்க வேண்டும். அந்த அமர்வு நடக்காமல் போனால் கெடுவும் அந்த அளவு தள்ளிப்போகும் என்பதையும் எழுதுங்கள்.

இலக்கை வாராந்திர சதவீதத்தில் வைக்காதீர்கள். வாரத்துக்கு 15 டிக்கெட்தான் மூடுகிறார், ஒன்று கூடினாலே சதவீதம் ஆறேழு ஏறிவிடும். நான்கு வார எண்ணிக்கையாக வையுங்கள்: முதல் நான்கு வாரத்தில் மூடும் 60-இல் 11-க்கு மேல் திறக்கக் கூடாது, அடுத்த 60-இல் 7-க்கு மேல் கூடாது. அதோடு, நான்கு வாரத்துக்குக் குறைந்தது 55 டிக்கெட் மூட வேண்டும் என்றும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் கடினமானவற்றை மூடாமலே வைத்திருப்பார். சர்வர் விழுந்ததால் திறந்தவை கணக்கில் வராது. எது அப்படிப்பட்டது என்பதை வெள்ளிக்கிழமை ரிவ்யூவில் நீங்களும் அவரும் பார்த்து முடிவுசெய்து, அன்றே மின்னஞ்சலில் பதியுங்கள்.

நாள் கணக்கு கேட்டிருந்தீர்கள். மூடிய டிக்கெட் திரும்பத் திறக்க ஒரு வாரம் வரை ஆகும். 30 நாள் கொடுத்தால், பயிற்சி முடிந்த பின் செய்த வேலையின் பலன் உங்கள் கண்ணில் படாமலே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். எட்டு வாரம் கொடுத்து, ஒன்பதாவது வார இறுதியில் முடிவெடுங்கள்.

7-க்குப் பதில் 9 வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். 8 முதல் 10 வரை என்றால் நான்கு வார நீட்டிப்பு, அதற்கு மேல் போனால் வேலை முடிவுக்கு வரலாம். கையெழுத்திடும் நாளிலேயே அவர் இதைப் படித்திருக்க வேண்டும்.