செயலி எழுதித் தந்த பேச்சும் பிள்ளையின் பேச்சும்: தமிழாசிரியரிடம் கேட்டவை

மகள் நாலாம் வகுப்பு. பேச்சுப் போட்டித் தலைப்பு 'நெகிழி இல்லா உலகம்', மூன்று நிமிடம். ஏஐயில் எழுதி வாங்கினேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, அவள் வாயில் நுழையவில்லை. எங்கிருந்து திருத்துவது?

தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுங்கள். "நெகிழியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டால் பாடப்புத்தகத்தை ஒப்பிப்பாள். "நம் வீட்டில் பை எல்லாம் எங்கே கிடக்கிறது?" என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய வரைவு இப்படித் தொடங்குகிறது: "இன்றைய நவீன உலகில் நெகிழிப் பயன்பாடு மிகப்பெரிய சவாலாக உருவெடுத்துள்ளது. இது மண்வளத்தைப் பாதிப்பது மட்டுமல்லாமல், நீர்நிலைகளையும் மாசுபடுத்துகிறது." தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதே வரியை அன்று மேடையேறும் இன்னும் நாலு பிள்ளைகளும் சொல்வார்கள். உங்கள் மகள் சொன்ன சமையலறைப் பையை வைத்து நான் மாற்றியது இது:

"எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? பைகள்! மளிகைக் கடைப் பை, பழக்கடைப் பை, பூக்காரம்மா கொடுத்த குட்டிப் பை. 'தூக்கிப் போடாதே, எதுக்காவது ஆகும்' என்பார் பாட்டி. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று! தமிழ்நாட்டில் 2019-லேயே இந்தப் பைகளுக்குத் தடை வந்துவிட்டது. அப்போது நான் பள்ளியிலேயே சேரவில்லை. அப்படியென்றால் இந்த நாற்பத்தொன்றும் எங்கிருந்து வந்தன?"

நாற்பத்தொன்று நான் போட்ட எண். அவளையே எண்ணச் சொல்லி, வருவதைப் போடுங்கள். எண்ணிய பிள்ளை அந்த வரியைச் சொல்லும்போது முகமே வேறாக இருக்கும். உங்கள் வரைவில் தடை 2022 என்று இருந்தது. அது நாடு முழுவதற்கும் வந்த தடை. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதலே நடப்பில் இருக்கிறது.

நீளத்தையும் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளை நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எழுபது, எண்பது சொல்தான் வரும். உங்கள் வரைவு நானூறு சொல். பாதியை வெட்டியே ஆக வேண்டும். 'நாம் அனைவரும் ஒன்றிணைந்து' என்று தொடங்கும் கடைசிப் பத்தியில் கை வையுங்கள்.

அப்படியானால் முழுவதையும் பேச்சுத் தமிழில் மாற்றிவிட்டால் போதுமே? அதுதானே பிள்ளைக்கு இயல்பு?

பாதி சரி. 'போட்டாங்க, வந்துச்சு' என்று பேசினால் பெரும்பாலான நடுவர்கள் மொழிநடைக்கான மதிப்பெண்ணில் கை வைப்பார்கள். வினைமுற்று எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், மூச்சு விடாமல் சொல்ல முடியாத வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். 'பயன்படுத்தப்பட்டு வருகிறது' என்று இருந்தால் யார் பயன்படுத்துகிறார் என்று கேட்டு, அந்த ஆளைக் கொண்டு வாருங்கள். பேச்சு வழக்குக்கு இடம் மேற்கோளுக்குள்தான். மேலே பாட்டி பேசுகிறாரே, அப்படி.

நான் படித்த காலத்தில் குறளில் தொடங்கி, அடுக்குமொழியில் முழங்குவோம். மாவட்ட அளவில் பரிசு வாங்கியிருக்கிறேன். பேரனுக்கு ஏஐ கொடுத்ததில் குறள் எண்ணோடு வந்திருக்கிறது. நீங்கள் சொல்கிற மாதிரி கதை சொன்னால் பரிசு கிடைக்குமா?

ஐயா, முழக்கத்துக்குப் பரிசு தரும் நடுவர் இன்றும் இருக்கிறார். கதைக்குத் தருபவரும் இருக்கிறார். யார் வருவார் என்று நமக்குத் தெரியாது. பேரனுக்குக் குரல் வளம் இருந்தால் ஓரிடத்தில் மட்டும் முழங்கட்டும்.

குறளைப் புத்தகத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். எண் இருப்பதாலேயே நம்ப முடியாது. குறள் போலவே ஒலிக்கும் இரண்டு வரியைச் செயலி தானே கட்டித் தருவதும் உண்டு, உண்மையான குறளுக்குத் தவறான எண் தருவதும் உண்டு. அதிகாரத்துக்குப் பத்துக் குறள். அதனால் 'நீரின்றி அமையாது உலகெனின்' 20 என்றால் இரண்டாம் அதிகாரமான வான்சிறப்பின் கடைசிக் குறள், சரி. வான்சிறப்பு என்று சொல்லி 20-க்கு மேல் எண் இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

மகனுக்குத் தலைப்பு காமராசர். அவனுக்கு இதில் என்ன சொந்த அனுபவம் இருக்கும்? ஒரு கதையைக் கட்டிவிடலாமா?

கட்ட வேண்டாம். மேடையை விட்டு இறங்கியதும் "உங்க தாத்தா எந்த ஊர்ப்பா?" என்று நடுவர் ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை விழிப்பான். வீட்டில் பெரியவர் யாராவது பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டவரா என்று அவனையே கேட்டு வரச் சொல்லுங்கள். என்ன போட்டார்கள், தட்டு யாருடையது, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்று வரி கிடைத்தால் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். காமராசர் கொண்டு வந்த மதிய உணவுத் திட்டத்தையும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தையும் செயலி வரைவுகள் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. காமராசர் முதல்வராக இருந்தது 1954 முதல் 1963 வரை. வீட்டுப் பெரியவர் 1980-களில் சாப்பிட்டவர் என்றால் அது சத்துணவு. அதைச் சொல்லக் கூடாது என்றில்லை. "காமராசர் ஊன்றியது, என் அப்பா காலத்தில் சத்துணவாக வளர்ந்தது" என்று அவனே சேர்த்துச் சொல்லட்டும்.