மெக்னீசியம் ஏன் ஒரு எலக்ட்ரானோடு நிற்பதில்லை?

வணக்கம் ஐயா. என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து நானும் MgCl₂-க்கு பார்ன்-ஹேபர் சுற்று போட்டுப் பார்த்தேன். படிகக்கூடு என்தால்பி −2872 என்று வருகிறது. விடைப்பகுதியில் −2523 என்று இருக்கிறது. எங்கே தவறு? இன்னொன்று. இரண்டாவது எலக்ட்ரானை எடுக்க முதலாவதைப் போல இரு மடங்கு ஆற்றல் வேண்டும் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் மெக்னீசியம் ஒன்றைக் கொடுத்துவிட்டு MgCl ஆக நின்றுவிட வேண்டியதுதானே? எட்டு எலக்ட்ரான் விதி என்று சொன்னால் மகள் ஏற்க மறுக்கிறாள்.
— ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் விடையையும் புத்தக விடையையும் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் சரியாக 349. குளோரினின் எலக்ட்ரான் நாட்டமும் அதே 349தான். ஆக, இரண்டு குளோரின் அணுக்கள் எலக்ட்ரானை வாங்கும் இடத்தில் ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள். இந்தச் சுற்றில் விடை பிசகினால் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கழித்தல்தான். வித்தியாசம் ஏதாவது ஒரு படியின் மதிப்போடு பொருந்தினால், தவறு அந்தப் படியில் இருக்கிறது.

இப்போது சுற்றை முழுதாகப் போட்டுவிடுவோம். படிகக்கூடு என்தால்பியை நேரடியாக அளக்க வழியில்லை. வாயு நிலையில் Mg²⁺ அயனிகளையும் Cl⁻ அயனிகளையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, அவை சேரும்போது வரும் வெப்பத்தை யாரும் கலோரிமீட்டரில் பிடிக்க முடியாது. ஆனால் மற்ற எல்லாப் படிகளுக்கும் மதிப்புகள் கையில் இருக்கின்றன. 1919-இல் மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் ஹெஸ் விதியை இங்கே பயன்படுத்தினார்கள். தனிமங்களிலிருந்து நேராக MgCl₂-க்குப் போனாலும், அயனிகள் வழியாகச் சுற்றிப் போனாலும், மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றே. நேர்வழி தெரியும், சுற்றுவழியில் ஒரு படியைத் தவிர மற்றவை தெரியும். மிச்சமிருக்கும் ஒன்று தானாகக் கிடைத்துவிடுகிறது.

நேர்வழி: Mg(s) + Cl₂(g) → MgCl₂(s). இதன் உருவாதல் என்தால்பி −641. எல்லாமே ஒரு மோலுக்கு, கிலோ ஜூலில்.

சுற்றுவழியில் முதலில் திட மெக்னீசியத்தைத் தனி அணுக்களாக்க வேண்டும், அதற்குப் பதங்கமாதல் 148. பிறகு அந்த வாயு அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்க 738, இரண்டாவதை எடுக்க 1451. இந்த இடத்தில் பலர் 1451-ஐ மட்டும் போட்டுவிடுகிறார்கள், அதற்குள் முதலாவதும் அடங்கிவிட்டது என்று நினைத்து. அடங்கவில்லை. 1451 என்பது Mg⁺-இலிருந்து Mg²⁺ வரை மட்டும். இரண்டையும் கூட்ட வேண்டும்.

அடுத்து Cl₂ பிணைப்பை உடைக்க 243. NaCl கணக்கில் இதைப் பாதியாக்கிப் பழகிய கை இங்கேயும் பாதியாக்கப் பார்க்கும். அங்கே தேவை ஒரு குளோரின் அணு, அதனால் பாதி. இங்கே தேவை இரண்டு, அதனால் முழு 243. அந்த இரண்டு அணுக்களும் ஆளுக்கொரு எலக்ட்ரானை வாங்கும்போது 2 × (−349) = −698. இதைத்தான் நீங்கள் ஒரு தடவை மட்டும் போட்டீர்கள். (நாளைக்கு MgBr₂ போடச் சொன்னால் ஒன்றை மறக்காதீர்கள்: அறை வெப்பநிலையில் புரோமின் திரவம். பிணைப்பை உடைக்கும் முன் அதை ஆவியாக்கும் படி ஒன்று கூடுதலாக வரும்.)

கூட்டிப் பார்ப்போம்.

148 + 738 + 1451 + 243 − 698 = 1882

தனிமங்களிலிருந்து வாயு அயனிகள் வரை ஏற வேண்டிய உயரம் 1882. அங்கிருந்து −641-க்கு இறங்க வேண்டும். −641 − 1882 = −2523. சரியாகிவிட்டது. சில பாடநூல்களில் இதே எண் +2523 என்று இருக்கும். அவர்கள் படிகத்தை அயனிகளாகப் பிரிக்கும் திசையில் வரையறுக்கிறார்கள். எண் அதேதான், குறி மட்டும் மாறும்.

இனி மகளின் கேள்வி. அவள் ஏற்க மறுத்தது மிகச் சரி. வாயு நிலையில் தனியாக இருக்கும் மெக்னீசியம் அணுவுக்கு இரண்டாவது எலக்ட்ரானைக் கொடுப்பதில் எந்த லாபமும் இல்லை, 1451 நட்டம்தான். அந்த நட்டத்தை யார் ஈடுகட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு இல்லாத MgCl-க்கும் ஒரு சுற்று போடலாம்.

இல்லாத திண்மத்துக்குப் படிகக்கூடு என்தால்பி எங்கிருந்து வரும்? கடன் வாங்க வேண்டியதுதான். NaCl-இன் மதிப்பு −787. Mg⁺ அயனியில் ஒரு 3s எலக்ட்ரான் மிச்சமிருப்பதால் அது Na⁺-ஐவிடப் பெரியது. பெரிய அயனி என்றால் ஈர்ப்பு குறைவு. ஆகவே −787 என்பது MgCl-க்குத் தாராளமாகவே கொடுத்த மதிப்பு. இப்போது கூட்டுங்கள்: பதங்கமாதல் 148, முதல் அயனியாக்கம் 738, பாதிப் பிணைப்பு 122, எலக்ட்ரான் நாட்டம் −349, படிகக்கூடு −787. மொத்தம் −128.

கவனியுங்கள், இது எதிர்க்குறி! தனிமங்களிலிருந்து MgCl உருவானால் வெப்பம் வெளிவரும். "ஆற்றல் போதாததால் MgCl உருவாகாது" என்று சில கையேடுகளில் படித்திருப்பீர்கள். அது தவறு. MgCl-க்குச் சிக்கல் வேறு இடத்திலிருந்து வருகிறது:

2MgCl → Mg + MgCl₂

இந்த வினையின் என்தால்பி மாற்றம் −641 − 2(−128) = −385. அதாவது MgCl-ஐ எப்படியோ செய்து வைத்தாலும், அது பாதி உலோகமாகவும் பாதி MgCl₂-வாகவும் பிரிந்துபோவதில் பெரிய லாபம் இருக்கிறது. கடன் வாங்கிய −787 ஐம்பது அறுபது தவறாக இருந்தாலும் இந்த முடிவு மாறாது. தவறு எந்தப் பக்கம் இருக்கும் என்பதும் தெரியும்: உண்மை மதிப்பு இன்னும் பலவீனமாக இருக்கும், பிரிவது இன்னும் லாபமாகும்.

இந்த லாபம் வருவது படிகக்கூட்டிலிருந்து. இரட்டை மின்சுமையுள்ள சிறிய Mg²⁺, ஒன்றுக்கு இரண்டாகக் குளோரைடு அயனிகளைச் சேர்த்துக்கொண்டு வலுவாக இழுக்கிறது. −787 ஆக இருந்தது −2523 ஆகிறது. 1451 செலவழித்ததற்கு 1700-க்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. கூடுதலாக ஒரு குளோரின் எலக்ட்ரான் வாங்கியதில் நிகர வரவு இருநூற்றுச் சொச்சம்.

பிரியும் வழியை அடைத்துவிட்டால் மெக்னீசியம் அந்த இடைநிலையில் நிற்கவும் செய்யும். 2007-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்து காட்டினார்கள். பெரிய கரிம ஈனிகளை மெக்னீசியத்தைச் சுற்றி வைத்து, மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கி வினைபுரிந்து பிரிய முடியாதபடி தடுத்தார்கள். ஒவ்வொன்றும் +1 நிலையில் உள்ள இரண்டு மெக்னீசியங்கள் ஒன்றோடொன்று பிணைந்த சேர்மம் கிடைத்தது.

அப்புறம் அவள் நிச்சயம் கேட்பாள்: படிகக்கூடு இவ்வளவு கொடுக்கும் என்றால் சோடியமும் இரண்டு எலக்ட்ரான் கொடுத்து NaCl₂ ஆகலாமே? அதற்கும் MgCl₂-இன் −2523-ஐயே கடன் கொடுத்துச் சுற்றைப் போடச் சொல்லுங்கள். சோடியத்தின் பதங்கமாதல் 107, முதல் அயனியாக்கம் 496, இரண்டாவது 4562. உருவாதல் என்தால்பி ஏறக்குறைய +2190 என்று வரும். மெக்னீசியத்தின் இரண்டாவது எலக்ட்ரான் 3s-இலிருந்து போகிறது, சோடியத்தின் இரண்டாவதோ உள்ளே இருக்கும் 2p-இலிருந்து. 1451-ஐப் படிகக்கூடு ஈடுகட்டிவிட்டது, 4562-ஐ ஈடுகட்ட முடியவில்லை. எட்டு எலக்ட்ரான் விதிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூட்டல் கழித்தல்தான் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வாள் என்று நினைக்கிறேன்.