பேச முடியாதவரின் தலைவலியை எப்படிக் கண்டறிவது?

கேள்வி: என் தாயாருக்கு 81 வயது. டிமென்ஷியா முற்றி, பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. மூன்று வாரமாக முகத்தைச் சுளிக்கிறார், நெற்றியில் கை வைக்கிறார், மாலையானால் கத்துகிறார், தலை வாரப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். இளவயதில் அவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது. "இந்த நோயில் இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். தலைதான் வலிக்கிறதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வலி இருக்கிறது என்பதை முகம் சொல்லும், எங்கே இருக்கிறது என்பதை முகம் சொல்லாது. அந்தச் சுளிப்பு எதைச் செய்யும்போது வருகிறது, எதை நிறுத்தினால் தணிகிறது என்று பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இவை இரண்டும் தனித்தனி வேலைகள்.

முதலில் அவரிடமே கேளுங்கள். பேச்சு நின்றவரிடம் கேட்டு என்ன பயன் என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்; ஆனால் சொல் போன பிறகும் தலையசைப்பு சில காலம் நிற்கும். அவர் கண்ணுக்கு நேரே அமர்ந்து, உங்கள் நெற்றியை நீங்களே தொட்டுக் காட்டி, "இங்கே வலிக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். சுளிப்பு இருக்கும் நேரத்திலேயே கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் அந்த வலி அவர் நினைவில் இருக்காது. அவர் தலையசைத்தால், உடனே முழங்கையைத் தொட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரேபோலத் தலையசைக்கிறார் என்றால் அந்தப் பதிலை நம்ப முடியாது. நெற்றிக்கு ஆம் என்றும் முழங்கைக்கு இல்லை என்றும் வந்தால், அதைவிட நல்ல சான்று வேறு இல்லை.

அடுத்தது முகம். வலியில் இருக்கும் முகத்தில் புருவங்கள் கீழிறங்கி ஒன்றையொன்று நெருங்கும்; கண்கள் இடுங்கும் அல்லது இறுக மூடிக்கொள்ளும்; கன்னம் மேலேறும்; மேலுதடு உயர்ந்து மூக்கின் பக்கவாட்டில் மடிப்பு விழும். அச்சத்தில் இதற்கு மாறாகப் புருவம் உயர்ந்து கண் அகல விரியும். துயரத்தில் புருவத்தின் உள்முனை மட்டும் மேலே எழும், வாயின் ஓரம் தொங்கும். மாலையில் கத்தும்போது அவர் கண் விரிந்திருக்கிறதா, இடுங்கியிருக்கிறதா என்று பார்த்தாலே, பயந்து கத்துகிறாரா வலித்துக் கத்துகிறாரா என்பது ஓரளவு பிடிபடும். வயதானவர் நெற்றியில் ஏற்கெனவே கோடுகள் இருப்பதால் கோடு இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை; அமைதியாக இருக்கும் நேரத்து முகத்திலிருந்து எது மாறியது என்பதே கேள்வி. அல்சைமர் நோயில் வலிக்கு முகம் காட்டும் அசைவு மங்கிவிடுவதில்லை. பார்க்கின்சன் நோயும் சேர்ந்திருந்தால் மட்டும் முகத்தசைகள் இறுகிப்போய், கடும் வலியிலும் முகம் சலனமற்றிருக்கக்கூடும். அப்படிப்பட்டவரிடம் மூச்சையும் கைகளையும் கவனிக்க வேண்டும்.

இதற்கென 2003-இல் வெளியான 'பெய்னாட்' என்ற அளவுகோலை முதியோர் மருத்துவத்தில் பரவலாகப் பயன்படுத்துகிறோம். மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் சில நிமிடங்கள் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டால் மொத்தம் 10. வீட்டிலும் இதைச் செய்யலாம். ஆனால் அச்சத்தில் இருப்பவருக்கும் மதிப்பெண் கூடும், மூட்டு வலித்தாலும் கூடும். தலை என்று அது சுட்டாது.

தலையைச் சுட்டுபவை வேறு. நெற்றிப்பொட்டை விரலால் அழுத்துவது, ஜன்னல் வெளிச்சத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வது, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வது, தூங்காமலே கண்ணை மூடிக் கிடப்பது, கழுத்தைத் திருப்பாமல் உடலோடு சேர்த்துத் திரும்புவது, கண்ணாடியையோ காதுக்கருவியையோ பிடுங்கி எறிவது ஆகியவை. தூங்குபவரின் இமை தளர்ந்து கிடக்கும்; வலியில் மூடிய இமை இறுகிச் சுருங்கியிருக்கும். அருகே சென்று பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும்.

இவற்றை ஒரு நோட்டில் ஐந்தாறு நாள் எழுதுங்கள்: மணி, அப்போது நடந்துகொண்டிருந்த காரியம், முகம், எது தணித்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு நாள் விளக்கை மங்கலாக்கி 20 நிமிடம் பாருங்கள். மறுநாள் விளக்கை அப்படியே விட்டு, ஓசையை மட்டும் குறையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

இப்படி எழுதிய ஒரு நோட்டால் பார்வை காப்பாற்றப்பட்ட ஒரு மூதாட்டியை நான் மறக்கவே இல்லை. உங்கள் தாயாரின் வயதை ஒட்டியவர், பேச்சு இல்லை. தலை வாரும்போது அடிக்கிறார் என்பதற்காக வேறோர் இடத்தில் அவருக்கு மயக்கம் தரும் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். அவரது மகள் ஆறு நாள் எழுதிய குறிப்பில் இரண்டு செய்திகள் இருந்தன. சீப்பு இடப்பக்கம் போகும்போது அவர் சும்மா இருக்கிறார், வலது நெற்றிப்பொட்டுக்கு மேலே வந்ததும் கண்ணை இறுக மூடிக் கையைத் தட்டுகிறார். சாப்பிடும்போது நாலைந்து முறை மென்றுவிட்டு நிறுத்துகிறார், ஒரு நிமிடம் வாயை அசைக்காமல் இருந்துவிட்டு மறுபடி மெல்கிறார்; குழைத்துக் கொடுத்தால் தட்டு காலியாகிறது. பசியில்லாதவர் குழைத்தாலும் தள்ளிவிடுவார். இவர் தள்ளியது சோற்றையல்ல, மெல்லும் வேலையை.

நான் இரு நெற்றிப்பொட்டுகளையும் ஒரே நேரத்தில் விரல் நுனியால் மெல்லத் தொட்டேன். வலப்பக்க இரத்தக்குழாய் தடித்துக் கயிறுபோல் இருந்தது. தொட்டதுமே மேலுதடு உயர்ந்தது. அது 'ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ்', அதாவது தலைக்குச் செல்லும் இரத்தக்குழாய்களின் அழற்சி. 50 வயதுக்கு மேல்தான் இது வரும். வயது கூடக்கூட அதிகமாக வரும். கண்ணுக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பார்வை போய்விடும், போனது பெரும்பாலும் திரும்பாது. பேசக்கூடியவர் "ஒரு கண் சற்று நேரம் இருண்டது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். இவரால் அது முடியாது. அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ஆகிய இரத்தப் பரிசோதனைகள் இரண்டும் மிக உயர்ந்திருந்தன. திசுப் பரிசோதனைக்குக் காத்திராமல் அன்றே ஸ்டீராய்டு தொடங்கினோம். மூன்றாம் நாள் தலை வாரும்போது அவர் கண்ணை மூடவில்லை. பின்னர் வந்த திசுப் பரிசோதனையும் அதை உறுதி செய்தது. மயக்க மாத்திரையை நிறுத்திவிட்டோம்.

உங்கள் தாயாரும் தலை வாரும்போது கையைத் தட்டிவிடுகிறார் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். ஐந்தாறு நாள் நோட்டு மற்றவற்றுக்கு. இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் இன்றே பாருங்கள். சீப்பை இரு பக்கமும் தனித்தனியாக ஓட்டி, முகத்தைக் கவனியுங்கள், மெல்லும்போது கவனியுங்கள். பக்க வேறுபாடோ, மென்று நிறுத்துவதோ, பார்வை மங்கியதுபோலப் பொருளைத் தடவித் தேடுவதோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதுவும் தெரியாவிட்டாலும், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலிக்குக் காரணம் தேடியே ஆக வேண்டும் என்பதால், இந்த வாரத்துக்குள் அவரை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். பழைய ஒற்றைத் தலைவலிதான் திரும்பிவிட்டது என்று நாமே முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலோருக்கு அது வயதாக ஆகத் தணியும்.

அவர் அண்மையில் விழுந்தாரா என்பதும் முக்கியம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் இலேசாகத் தலையை இடித்துக்கொண்டாலும், மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரம் கழித்தே வெளிப்படலாம். தூக்கம் கூடுவது, நடை தடுமாறுவது, ஒரு கை வலுவிழப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தெரிந்தாலோ, ஒரு கண் சிவந்து வாந்தி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எளிய காரணங்களும் உண்டு. கண்ணாடிச் சட்டம் காதுக்குப் பின்னே அழுத்தலாம். பல் சொத்தையாக இருக்கலாம். தூக்கம் கெடுகிறது என்று வீட்டார் காப்பியைத் திடீரென நிறுத்திய மறுநாளே தலைவலி தொடங்கலாம். டிமென்ஷியாவுக்குக் கொடுக்கும் டொனெபெசில் போன்ற மருந்தைப் புதிதாகத் தொடங்கியதோ, அளவைக் கூட்டியதோ காரணமாகலாம். இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்தால் அதன்மேல் பழி போடாதீர்கள். வலியே அழுத்தத்தை உயர்த்தும்.

ஆபத்தான காரணங்கள் இல்லை என்று மருத்துவர் கண்ட பிறகு, பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்பது ஒரு சோதனையாகவும் பயன்படும். நார்வேயின் முதியோர் இல்லங்களில் டிமென்ஷியாவோடு, அமைதியின்றிக் கத்துவது, அடிப்பது போன்ற கிளர்ச்சியும் உள்ள 352 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலும் பாராசிட்டமாலையே கொண்டு வலியை முறைப்படி குறைத்தபோது கிளர்ச்சியும் குறைந்தது. "கேட்டால் கொடுங்கள்" என்ற முறை இங்கே செல்லாது; கேட்க முடியாதவருக்கு நேரம் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை, அவற்றில் ஒன்று மாலைக் கிளர்ச்சி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்று சில நாள் கொடுத்துப் பார்க்கலாம். எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ கல்லீரல் நோய் இருந்தாலோ அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். சளி மாத்திரைகளிலும் இதே மருந்து சேர்ந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். கொடுப்பதற்கு முன்பும், ஒரு மணி நேரம் கழித்தும் பெய்னாட் மதிப்பெண் இடுங்கள். மதிப்பெண் குறைந்தால் வலி இருந்தது என்று கொள்ளலாம், ஆனால் தலையில்தான் என்று அது நிறுவாது. குறையாவிட்டால் வலியே இல்லை என்றும் ஆகாது. மாதத்தில் 15 நாளுக்கு மேல் தொடர்ந்தால் அந்த மாத்திரையே தலைவலியைத் தோற்றுவிக்கக்கூடும்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டோடு, தலை வாரும்போதும் சாப்பிடும்போதும் அவர் முகத்தைக் கைபேசியில் தலா ஒரு நிமிடம் படம் பிடித்துக் கொண்டு போங்கள். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தச் சுளிப்பு பெரும்பாலும் காணாமல் போய்விடும்.