பால் கணக்கேட்டில் கொழுப்பு சதவீதம் எதற்கு?

"நான் 10 கிலோ பால் ஊற்றினேன், அவர் 8 கிலோதான். அவருக்கு எப்படி அதிகப் பணம்?"

கொழுப்பு சதவீதம் என்பது 100 கிராம் பாலில் எத்தனை கிராம் கொழுப்பு இருக்கிறது என்பது. பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். வெண்ணெயும் நெய்யும் கொழுப்பிலிருந்தே கிடைக்கின்றன. அதனால் பால் கூட்டுறவுச் சங்கம் அளவோடு கொழுப்பையும் பார்த்து விலை போடுகிறது. நிலக்கடலை மூட்டையை, உரித்தால் எவ்வளவு பருப்பு தேறும் என்று பார்த்து வாங்குவது போலத்தான்.

உங்கள் பால் 3.5 சதவீதம் என்றால் அதில் 350 கிராம் கொழுப்பு. அவருடையது 4.5 என்றால் 360 கிராம். கொழுப்புக்கு மட்டும் விலை என்றால் அவருக்கே கூடுதல். பல சங்கங்கள் புரதம், பால் சர்க்கரை போன்ற கொழுப்பற்ற திடப்பொருளுக்கும் விலை சேர்க்கும்.

மாதிரி எடுக்கும் முன் பாலை நன்றாகக் கலக்கச் சொல்லுங்கள். கொழுப்பு மேலே மிதக்கும், கலக்காவிட்டால் பதிவு தவறும்.

அப்புறம், கொழுப்பு குறைந்தாலே தண்ணீர் கலந்ததாக அர்த்தமில்லை: தண்ணீர் சேர்ந்தால் மற்ற திடப்பொருளும் சேர்ந்தே குறையும்.