குலுக்கலில் சந்தேகம் எழும் இடம்

"எங்கள் வீட்டுவசதிச் சங்கத்தில் 24 உறுப்பினர், 24 வீடு. குலுக்கல் நடத்தினாலும் செயலாளர் வேண்டியவருக்கு நல்ல வீட்டைக் கொடுத்துவிட்டார் என்பார்களே, என்ன செய்வது?"

இரண்டு பாத்திரங்களை வையுங்கள். ஒன்றில் உறுப்பினர் எண், மற்றொன்றில் வீட்டு எண். ஒரே தாளில் ஒரே அளவாக வெட்டிய ஒவ்வொரு சீட்டையும் மடிப்பதற்கு முன் அனைவருக்கும் காட்டி, உரக்கப் படித்து, சுவரில் ஒட்டிய பட்டியலில் குறியிட்ட பிறகே உள்ளே போட வேண்டும். ஏனெனில், பெரும்பாலும் சந்தேகம் எழுவது சீட்டை எடுக்கும்போதன்று, போடும்போதுதான். எங்கள் சங்கத்தில் ஒரு சீட்டு மட்டும் தடித்த தாளில் இருந்ததால் முழுக் குலுக்கலையும் மீண்டும் நடத்தினோம்.

இரு சீட்டுகளையும் வெவ்வேறு இருவர் எடுக்கட்டும். உறுப்பினர் 7-க்கு வீடு 19 என்று வந்தால், உடனே பலகையில் எழுதி, இரு சீட்டுகளையும் பதிவேட்டில் சேர்த்து ஒட்டி, அவரிடம் கையொப்பம் பெறுங்கள். கடைசி ஜோடியையும் பிரித்துக் காட்டுங்கள். சீட்டு விடுபட்டிருந்தாலோ இருமுறை போடப்பட்டிருந்தாலோ அங்கே தெரிந்துவிடும்.