கணக்கர் வேலைக்கு டேலி சான்றிதழைக் கட்டாயமாக்கலாமா?

"பாளையங்கோட்டையில் கடை வைத்திருக்கிறேன். கணக்கு எழுத ஆள் வேண்டும். விளம்பரத்தில் டேலி சான்றிதழ் கட்டாயம் என்று போடலாமா?"

வேண்டாம். 'கட்டாயம்' என்றால், அது இல்லாதவரின் விண்ணப்பத்தைப் படிக்காமலே ஒதுக்குவது. லாரி ஓட்டுநருக்குக் கனரக வாகன உரிமம் கேட்பது சரி, சட்டமே கேட்கிறது. டேலிக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. கண்ணில் படுவது சான்றிதழ், படாதது திறமை. கேட்கச் சுலபம் என்பதால்தான் கேட்கிறோம்.

அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலையில் எட்டு வருடம் கணக்குப் பார்த்து, மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வேலையிலேயே கற்றவர், வகுப்புக்குப் போனதில்லை. உங்கள் விளம்பரத்தைப் பார்த்ததும் விண்ணப்பிக்கவே மாட்டார். நீங்கள் யாரை இழந்தீர்கள் என்பதும் தெரியாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதில்லையா? அதுபோல, வந்தவரிடம் இருபது கொள்முதல் பில்களையும் விற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் பதிந்த பில்களைக் காட்டும் அந்த மாதத்து GSTR-2B பட்டியலையும் கொடுங்கள். அந்த இருபதில் இரண்டு பில், பட்டியலில் இல்லாததாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டேலியில் ஏற்றி ஒப்பிடச் சொல்லுங்கள். பட்டியலில் வராத பில்லுக்கு, வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்த இரண்டையும் பிடித்து, "விற்றவரிடம் கேட்கணும்" என்பவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். அரை மணி நேரம் போதும்.

சான்றிதழ் கேட்காவிட்டால் தரம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் சோதனையில் சான்றிதழ் வைத்திருப்பவரும் தோற்கலாம்.