சிசேரியனுக்குப் பிறகு வீட்டில்: தையலும் நடையும் பற்றிச் சில கேள்விகள்

மகப்பேறு வார்டில் 17 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். வீட்டுக்குப் போன பிறகு வரும் சந்தேகங்களைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

"ஆறாவது நாள். தையலின் இடது ஓரம் மட்டும் சிவந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. பொறுத்துப் பார்க்கலாமா?"

தையல் கோட்டின் இரு பக்கமும் நூல் அகலத்துக்குச் சிவந்திருந்தால் அது ஆறுகிற காயம். ஒரு ஓரம் மட்டும் சிவந்திருப்பதால் இன்றே மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். அதோடு, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த எல்லையில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டாம்.

நான் பார்த்த ஒரு தாய்க்கும் இதே ஆறாவது நாள்தான். மாலை 6 மணிக்குக் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் சிவப்பு. கணவர் கோடு போட்டார். மறுநாள் காலையில் அது இரண்டு விரல் அகலம் தாண்டியிருந்தது. காய்ச்சல் இல்லை. ஆனால் நாலாவது நாள் வலி மாத்திரையைக் குறைத்திருந்தவருக்கு, இப்போது அடுத்த வேளை வரைக்கும் தாங்க முடியவில்லை. அந்த இடம் கெட்டியாகவும் சூடாகவும் இருந்தது. மருத்துவர் லேசாக அழுத்தியதும் கலங்கிய நீர் வந்தது. 3 செ.மீ. அளவுக்குத் தையலைத் திறந்து சீழை வெளியேற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். திறந்த இடத்தை மறுபடி தைக்கவில்லை. உள்ளிருந்து சதை வளர்ந்து மூட நாலு வாரம் ஆனது. அவர்கள் இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போட்டிருந்தால் முழுத் தையலும் திறந்திருக்குமோ என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

அவருக்குக் காய்ச்சல் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கலாம். பாராசிட்டமால் வலியோடு காய்ச்சலையும் இறக்கிவிடும். அதனால் மாத்திரை போடுவதற்கு முன்பு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே போக வேண்டும். மாநிறத்திலும் கருத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள், தோல் பளபளவென்று விறைத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

"இன்பெக்‌ஷன் வரக்கூடாது என்று தினமும் இரண்டு வேளை ஆன்டிசெப்டிக் ஊற்றித் துடைக்கிறேன். சரிதானே?"

சுத்தமாக வைக்கிறீர்கள், அது சரி. ஆனால் மருத்துவர் சொல்லாமல் ஆன்டிசெப்டிக் வேண்டாம். கிருமியோடு சேர்த்து, புதிதாக வளரும் தோலையும் அது புண்ணாக்கும். கட்டை எடுத்துவிட்டார்கள் என்றால் குளிக்கும்போது தண்ணீர் காயத்தின் மேல் ஓடட்டும், போதும். தேய்க்காதீர்கள். அப்புறம் சுத்தமான துணியால் ஒற்றி ஒற்றித் துடையுங்கள்.

கிருமி அதிகம் சேர்கிற இடம் வேறு. வயிறு மடிந்து தையலை மூடினால் அந்த மடிப்புக்குள் வியர்வை தங்கி ஊறும். தினமும் இரண்டு மூன்று முறை படுத்துக்கொண்டு, வயிற்றை மெல்லத் தூக்கிப் பிடித்து 10 நிமிடம் காற்றுப் பட விடுங்கள். உள்ளாடையின் பட்டி தையலுக்கு மேலே நிற்கும்படி உயரமானதாகப் போடுங்கள். பவுடர் வேண்டாம். காயம் முழுவதும் மூடும்வரை தொட்டியிலோ குளத்திலோ ஊற வேண்டாம்.

"எனக்குச் சுகப்பிரசவம், கீழேதான் தையல். வெதுவெதுப்பான நீரில் உட்காரச் சொன்னார்கள். நீங்கள் ஊறக்கூடாது என்கிறீர்களே?"

நான் சொன்னது வயிற்றுத் தையலுக்கு. உங்களுடையது வேறு. உங்களுக்குச் சொன்னபடியே செய்யுங்கள்.

"மனைவி எழுந்து நடக்கவே பயப்படுகிறாள். அதனால் எல்லாவற்றையும் நானே படுக்கைக்குக் கொண்டு போகிறேன்."

மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள், நடையை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை இரத்தம் எளிதாக உறையும். ஆபரேஷன் நடந்தவர் அசையாமல் படுத்திருந்தால் காலில் இரத்தக் கட்டி சேரும் ஆபத்து இன்னும் கூடும்.

அவருடைய பயம் பெரும்பாலும் எழுகிற விதத்தில் இருக்கும். மல்லாந்த நிலையிலிருந்து நேரே எழுந்தால் வயிற்றுத் தசை முழுதும் இழுத்துப் பிடிக்கும், உயிர் போகிற வலி. முதலில் முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக வரும்படி பக்கவாட்டில் உருளச் சொல்லுங்கள். அப்புறம் கால்களைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, கையை ஊன்றி உடம்பைத் தள்ளி எழட்டும். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும். இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடிக்கலாம். முதல் நாட்களில் மணிக்கு ஒரு தடவை அறைக்குள் ஐந்து நிமிடம் நடந்தால் போதும். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்து நடந்தால் இன்னும் சுலபம். ஆறு வாரம் வரை குழந்தையை விடக் கனமானது எதையும் தூக்க வேண்டாம்.

இரண்டு பாதமும் சமமாக வீங்குவது சகஜம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றே காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ உடனே ஆம்புலன்ஸ்.

"நான் பிசியோதெரபிஸ்ட். வயிற்றுப் பட்டி கட்டியவர்கள் சீக்கிரம் நடக்கிறார்கள். நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?"

நானும் அதைப் பார்த்திருக்கிறேன். எழுந்து நடக்கும்போது கட்டிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் ஆய்வுகளில் ஒரே மாதிரி முடிவு வரவில்லை. நாள் முழுக்க இறுக்கிக் கட்டி வியர்த்துப் போன தையலையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லோரிடமும் கட்டுங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கம். உங்கள் அனுபவம் என்னுடையதிலிருந்து வேறாக இருக்கலாம்.

"தையலுக்கு மேலே மரத்துப்போயிருக்கிறது."

வெட்டும்போது தோல் நரம்புகளும் அறுபடும். உணர்வு திரும்பப் பல மாதம் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே இருக்கும். அந்த இடத்தில் சுடுநீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

"பதினொன்றாம் நாள். கீழே போகிற இரத்தம் பழுப்பாக மாறியிருந்தது. நேற்று நாலு தடவை மாடி ஏறினேன், மறுபடி சிவப்பாகிவிட்டது."

வேலை கூடினால் இப்படி வரும். இன்று முழுதும் குறைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் திரும்பப் பழுப்பாகும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைந்தாலோ முட்டை அளவுக்குக் கட்டி விழுந்தாலோ தாமதிக்காமல் போங்கள். நாற்றம் அடித்தாலும் காட்ட வேண்டும், அது கர்ப்பப்பைக்குள் கிருமி என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

"எட்டாம் நாள், நேற்றிலிருந்து தலைவலி. கர்ப்பத்தில் பிபி இருந்ததில்லை. தூக்கம் இல்லாததால்தானே?"

இருக்கலாம். ஆனால் அதை முதல் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்தால் கூடி, படுத்ததும் சட்டென்று குறைந்தால் முதுகில் போட்ட ஊசியால் வந்த தலைவலியாக இருக்கலாம். படுத்தாலும் குறையவில்லை, கண் முன்னே பூச்சி பறக்கிறது, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றால் இரத்த அழுத்தம் கூடியதாக இருக்கலாம். முன்பு பிபி இல்லாதவர்களுக்கும் பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரை இது வரலாம், வலிப்பு வரைக்கும் போகும். பக்கத்தில் எங்காவது இப்போதே பிபி பாருங்கள். 140/90 தொட்டால் இன்றே மருத்துவர். 160/110 என்றால், அல்லது கண் மங்கினால், நேரே அவசரப் பிரிவு.

"பார்த்தேன், 142/88. கண் தெளிவாகத்தான் தெரிகிறது. கீழ் எண் குறைவுதானே, நாளைக் காலை போகலாமா?"

வேண்டாம், இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும். இன்றே போங்கள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், எட்டு நாளைக்கு முன்பு சிசேரியன் ஆனது என்பதை உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.